பாக்கிக் கட்டத்துக்குள் இருக்கும் இரண்டு கணக்குகள்

மும்பை செம்பூரில் சொந்த ஃபிளாட்டில் இருக்கும் ஒரு பெண்மணி 2024 ஏப்ரலில் தன் சொசைட்டி பில்லை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று கணவனும் மனைவியுமாக ஒரு வருடம் திருநெல்வேலியில் போய் இருந்திருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. நான்கு காலாண்டு பில்களும் கட்டப்படவில்லை. காலாண்டுக்குப் பத்தாயிரம் என்பதால் 40,000 பாக்கி இருக்கும், கொஞ்சம் வட்டியும் சேர்ந்திருக்கும், புது பில்லோடு சேர்த்து ஐம்பதாயிரத்துச் சொச்சம் வரும் என்று எண்ணிக்கொண்டு திரும்பியிருக்கிறார். பில்லில் இருந்த தொகை 56,371. "வட்டி கட்ட மாட்டேன்னு சொல்லலை சார். இது எப்படி வந்துச்சுன்னு மட்டும் தெரியணும்" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதில் அந்தத் தாளில் இல்லை. "முந்தைய பாக்கி 46,371, நடப்பு பில் 10,000, மொத்தம் 56,371" என்று மூன்றே வரிகள்தான் இருந்தன. அந்த 46,371-இல் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்டப்படவில்லை. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் அடுத்த காலாண்டில் வட்டிக்கும் வட்டி ஏறிவிடும், அது யார் கண்ணிலும் படாது.

வட்டிக்கு வருமுன் அந்தப் பத்தாயிரம் எதனால் ஆனது என்று பார்த்துவிடலாம். வட்டி அந்தப் பத்தாயிரத்தின் மேல்தான் ஓடுகிறது.

மகாராஷ்டிராவில் வீட்டுவசதிக் கூட்டுறவு சொசைட்டிகள் 1960-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அரசு தந்த மாதிரி பைலாவைப் பெரும்பாலான சொசைட்டிகள் ஏற்று நடக்கின்றன. இப்போது பரவலாகப் புழங்குவது 2014-இன் மாதிரி. ஒவ்வொரு செலவையும் எப்படிப் பங்கிடுவது என்று அதில் எழுதியிருக்கிறது. வாட்ச்மேன், துப்புரவு, பொது விளக்கு, அலுவலகச் செலவு முதலான சேவைக் கட்டணம் எல்லா ஃபிளாட்டுக்கும் சமம். லிஃப்ட் செலவும் சமம். தண்ணீர்க் கட்டணம் வீட்டிலுள்ள குழாய்களின் எண்ணிக்கையையும் அளவையும் பொறுத்தது. சொத்து வரி மாநகராட்சி போட்டபடி. ரிப்பேர் ஃபண்டும் சிங்கிங் ஃபண்டும் மட்டும் ஃபிளாட்டின் கட்டுமானச் செலவைப் பொறுத்தவை. பக்கத்து வீட்டு பில்லும் உங்கள் பில்லும் ஏன் வேறுபடுகின்றன என்ற சண்டையில் பாதி இதைப் படித்தாலே தீர்ந்துவிடும்.

சிங்கிங் ஃபண்டுக்கு ஆண்டுக்குக் குறைந்தது கட்டுமானச் செலவில் 0.25 சதவீதம், ரிப்பேர் ஃபண்டுக்கு 0.75 சதவீதம். கட்டுமானச் செலவில் நிலத்தின் விலை சேராது. நீங்கள் ஃபிளாட்டை வாங்கிய விலையும் இன்றைய சந்தை விலையும் இந்தக் கணக்கில் வரவே வராது. அந்தப் பெண்மணியின் ஃபிளாட்டுக்கு சொசைட்டி எழுதி வைத்திருந்த கட்டுமானச் செலவு 9,00,000. அதில் 0.25 சதவீதம் 2,250. நான்கால் வகுத்தால் காலாண்டுக்கு 562.50. ரிப்பேர் ஃபண்ட் அதைப்போல் மூன்று மடங்கு, 1,687.50. இரண்டும் சேர்ந்து 2,250. மீதி 7,750 வரி, தண்ணீர், லிஃப்ட், சேவைக் கட்டணம். கூட்டினால் 10,000 சரியாக வந்தது. பில்லின் இந்தப் பகுதியில் குற்றம் ஏதும் இல்லை.

"குறைந்தது" என்ற சொல்லைக் கவனியுங்கள். நாற்பது வருடம் முன்பு கட்டிய கட்டடத்தில் ஒரு ஃபிளாட்டின் கட்டுமானச் செலவு ஒன்றரை லட்சம் என்று பதிவாகியிருந்தால் 0.25 சதவீதம் ஆண்டுக்கு 375 ரூபாய்தான். மாதம் முப்பது ரூபாயில் எந்தத் தூணையும் பலப்படுத்த முடியாது. பொதுக்குழு கூடி இதை உயர்த்தலாம். ஆகவே சிங்கிங் ஃபண்ட் அதிகம் என்று கோபப்படுவதற்கு முன், அந்த உயர்வுக்குப் பொதுக்குழுத் தீர்மானம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது செல்லும். பழைய கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்கு, இந்தத் தொகை மிகக் குறைவாக இருப்பதுதான் மிகுதியாக இருப்பதைவிட ஆபத்து என்பது என் எண்ணம்.

இனி வட்டி. அதற்கு இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று, வட்டி விகிதத்தையும் பில் கட்ட வேண்டிய கடைசி நாளையும் முடிவு செய்த பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல். இன்னொன்று, பாக்கி கடைசியாக எப்போது பூஜ்யமாக இருந்ததோ அன்று தொடங்கி இன்றுவரை உள்ள உங்கள் லெட்ஜர். செக்ரெட்டரிக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். லெட்ஜரைப் பாக்கி பூஜ்யமான நாளிலிருந்து வாங்குவது முக்கியம். "ஆரம்ப இருப்பு" என்று ஒரு தொகையோடு தொடங்கும் லெட்ஜரில் தவறு அந்த முதல் வரிக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம்.

2014 மாதிரி பைலா தாமதத்துக்கு என்ன சொல்கிறது? பொதுக்குழு நிர்ணயித்த விகிதத்தில் தனி வட்டி. அந்த விகிதம் ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கட்ட வேண்டிய கெடு தாண்டிய பிறகே வட்டி. தனி வட்டி என்றால் அசலுக்கு மட்டும் வட்டி, வட்டிக்கு வட்டி இல்லை. இந்தச் சொசைட்டியின் தீர்மானம், காலாண்டின் முதல் நாள் பில் தருவது, அந்தக் காலாண்டு முடிவதற்குள் கட்டிவிட்டால் வட்டி இல்லை, அதற்குப் பிறகு ஆண்டுக்கு 21 சதவீதம் என்று இருந்தது. 21 சதவீதம் என்றால் காலாண்டுக்கு 5.25. பத்தாயிரத்துக்கு ஒரு காலாண்டு வட்டி 525 ரூபாய்.

இதை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளில் நாங்கள் கணக்குப் போட்டோம். 2023 ஏப்ரல் பில்லுக்குக் கெடு ஜூன் 30. ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்த ஒரு பில்தான் கெடு தாண்டிய பாக்கி. வட்டி 525. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏப்ரல், ஜூலை இரண்டு பில்களும் பாக்கி, அசல் 20,000, வட்டி 1,050. அடுத்த ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று பில்கள் பாக்கி, அசல் 30,000, வட்டி 1,575. ஜனவரியில் வந்த நான்காவது பில்லுக்குக் கெடு மார்ச் 31 வரை இருந்ததால் அதற்கு வட்டியே கிடையாது. மொத்த வட்டி 3,150. ஆக, 2024 ஏப்ரல் 1 அன்று அவர் தர வேண்டியது அசல் பாக்கி 40,000, வட்டி 3,150, புது பில் 10,000; கூட்டினால் 53,150.

பில்லிலோ 56,371. வட்டி மட்டும் 6,371, அதாவது சரியான கணக்கைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். லெட்ஜர் வந்ததும் நான்கு வட்டி வரிகளும் தெரிந்தன: ஜூலையில் 600, அக்டோபரில் 1,236, ஜனவரியில் 1,910, ஏப்ரலில் 2,625. இந்த நான்கு எண்களைப் பார்த்தாலே என்ன நடந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

முதல் எண்ணான 600, பத்தாயிரத்தில் ஆறு சதவீதம். காலாண்டுக்கு ஆறு என்றால் மாதம் இரண்டு, ஆண்டுக்கு 24. கணக்கு எழுதுபவர் மென்பொருளில் "மாதம் 2" என்று போட்டிருக்கிறார். மாதம் இரண்டு வட்டி என்பது நம் காதுக்குப் பழகிய சாதாரண விகிதம்போல் ஒலிப்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் அது 21 என்ற வரம்பைத் தாண்டிவிடுகிறது. வரம்புக்குள் இருக்க வேண்டுமானால் மாதத்துக்கு 1.75-க்கு மேல் போகக்கூடாது. இந்தச் சொசைட்டியின் தீர்மானமே 21 என்று சொன்னதால் இங்கே வாதத்துக்கே இடமில்லை. இதை மட்டும் திருத்தினால் 6,371 என்பது 5,533 ஆகிறது.

அதே 600 இன்னொரு பிழையையும் காட்டிக்கொடுக்கிறது. ஜூலை 1 அன்று ஏப்ரல் பில்லுக்கு வட்டி எதற்கு? கெடு முடிந்தது முந்தின நாள்தானே. மென்பொருள் கெடு தேதியைப் பார்க்காமல், பில் போட்ட தேதியிலிருந்தே முழுக் காலாண்டுக்கும் வட்டி போட்டிருக்கிறது. ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு காலாண்டு வட்டி கூடுதலாக ஏறிவிட்டது. இதையும் சரிசெய்தால் 5,533 என்பது 3,262 ஆகக் குறைகிறது. பெரிய ஓட்டை இதுதான். நான் பார்த்த பில்களில் அதிகம் அகப்படுவதும் இந்தத் தேதிக் குழப்பமே. விகிதத்தைப் பற்றி எல்லோரும் சண்டை போடுகிறார்கள். எந்தத் தேதியிலிருந்து வட்டி ஓடத் தொடங்கியது என்று கேட்பவர் குறைவு.

மிச்சம் 112 ரூபாய். அது வட்டிக்கு வட்டி. அக்டோபர் வரியில் 1,236 என்பது 20,600-க்கு ஆறு சதவீதம். அந்த 600 முந்தைய வட்டி. அது அசலோடு கலந்துவிட்டது. 112 தானே என்று அந்தப் பெண்மணி சொன்னார். ஒரு வருடத்தில் இது சின்னத் தொகைதான். ஆனால் சில வீடுகளில் பாக்கி ஐந்து வருடம், பத்து வருடம் என்று கிடக்கிறது. சொத்துத் தகராறில் பூட்டிய வீடுகளில் இது சகஜம். ஒரு லட்சம் ரூபாய் பாக்கிக்கு 21 சதவீதத் தனி வட்டி ஐந்து வருடத்தில் 1,05,000. அதையே காலாண்டுதோறும் அசலோடு சேர்த்துப் போட்டால் சுமார் 1,78,000. எழுபதாயிரத்துக்கு மேல் வித்தியாசம். அந்த நிலைக்கு வந்த பாக்கியை யாரும் கட்ட முன்வருவதில்லை, வழக்காகிவிடுகிறது.

உங்கள் பில்லில் வட்டிக்கு வட்டி ஓடுகிறதா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. வட்டித் தொகையை விகிதத்தால் வகுத்து, எந்தத் தொகைக்கு வட்டி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பில் ஒவ்வொரு முறையும் ஒரே தொகையாக இருந்தால், விடை அந்தத் தொகையின் ஒரு மடங்கு, இரு மடங்கு, மும்மடங்கு என்று வர வேண்டும். 1,236-ஐ ஆறு சதவீதத்தால் வகுத்தால் 20,600 வருகிறது. அந்த 600 ஒட்டிக்கொண்டிருப்பதே அடையாளம்.

பணம் கட்டும்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். இந்தப் பெண்மணி "முதலில் நான்கு பில்லுக்கும் 40,000 கட்டிவிடுகிறேன், வட்டியை அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்று இருந்தார். அப்படிக் கட்டினால் சொசைட்டிகள் வழக்கமாக அதிலிருந்து முதலில் வட்டியைக் கழித்துக்கொள்ளும். 3,150 வட்டிக்குப் போய், அசலுக்கு 36,850 மட்டும் வரவாகும். கடன் கணக்குகளில் இது பொதுவான வழக்கம்தான். மிச்சம் நிற்பது அதே 3,150 என்றாலும் இப்போது அது அசல் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே இருந்தால் அதற்கு வட்டி ஓடும். அதனால் பாதி கட்டுவதாக இருந்தால் எந்தெந்த பில்லுக்கு, எவ்வளவு என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்து, ரசீதிலும் அதையே எழுதி வாங்குங்கள். தகராறில்லாத தொகை முழுவதையும் உடனே கட்டிவிடுவதுதான் நல்லது. தகராறு 3,221 ரூபாயில்தான் இருக்கிறது. அதற்காக 53,150-ஐ நிறுத்தி வைத்தால் நாளுக்கு நாள் நியாயமான வட்டியும் ஏறும்.

அவர் அப்படித்தான் செய்தார். 53,150-க்குக் காசோலை, கூடவே ஒரு பக்கக் கணக்குத்தாள், தீர்மானத்தின் நகல். நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் பார்த்து ஒப்புக்கொண்டது. "சரி, அதை விட்டுடலாம்" என்று செக்ரெட்டரி வாயால் சொன்னதோடு அவர் திரும்பிவிடவில்லை. 3,221-க்கு கிரெடிட் நோட் கேட்டு வாங்கினார். லெட்ஜரில் அது வரவாகாவிட்டால் மென்பொருள் அந்தத் தொகையை மறக்காது. அடுத்த காலாண்டிலும் அதன்மேல் வட்டி போட்டுக்கொண்டே இருக்கும். ஜூலை பில் வந்ததும் முந்தைய பாக்கிக் கட்டத்தில் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இருந்தது.

எல்லா இடத்திலும் இவ்வளவு எளிதில் முடியாது. குழு பதில் தராவிட்டால் கூட்டுறவுத் துறையின் துணைப் பதிவாளரிடம் எழுத்தில் புகார் செய்யலாம். மறுபக்கம் சொசைட்டிக்கும் பலம் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்தவரை டிஃபால்டர் என்று பட்டியலிடலாம். அவர் நிர்வாகக் குழுத் தேர்தலில் நிற்க முடியாது. 2019-இல் சட்டத்தில் சேர்த்த 154பி-29 பிரிவின்படி சொசைட்டி பதிவாளரிடம் வசூல் சான்றிதழ் பெற்று, நிலவரிப் பாக்கியைப்போலவே அதை வசூலிக்கலாம். அந்த விண்ணப்பத்துக்கு சொசைட்டி பாக்கிக் கணக்கைத் தர வேண்டும். அசலும் வட்டியும் பிரியாத, 24 சதவீதம் போட்ட கணக்கைக் கொண்டுபோனால் சொசைட்டியின் வழக்குத்தான் ஆட்டம் காணும். இந்தக் கட்டுரையை ஏதாவது ஒரு சொசைட்டியின் பொருளாளர் படித்தால் அவருக்கும் என் வேண்டுகோள் அதுவே: அசல் பாக்கி ஒரு கட்டம், வட்டிப் பாக்கி ஒரு கட்டம் என்று பில்லில் பிரித்துக் காட்டுங்கள்.

பாக்கியும் சிங்கிங் ஃபண்டும் எங்கே சந்திக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. பில் போட்ட அன்றே, பணம் வந்தாலும் வராவிட்டாலும், உங்கள் 562.50 சொசைட்டியின் ஏட்டில் சிங்கிங் ஃபண்டில் வரவாகிவிடுகிறது. நீங்கள் கட்டாவிட்டால் வாட்ச்மேன் சம்பளமும் மின்கட்டணமும் காத்திருக்காது. மற்றவர்கள் கட்டிய பணத்திலிருந்து அவை முதலில் போகும். வங்கியில் வைப்பாக விழ வேண்டிய சிங்கிங் ஃபண்ட் பணம்தான் கடைசியில் குறையும். ஏட்டில் 12 லட்சம் என்றும், வங்கி வைப்பில் ஒன்பதரை லட்சம் என்றும் இருந்தால், அந்த இரண்டரை லட்சம் பெரும்பாலும் உறுப்பினர்களின் பாக்கியில் இருக்கிறது, அல்லது அன்றாடச் செலவில் கரைந்திருக்கிறது. இரண்டில் எது என்பதை அறிய ஆண்டுக் கணக்கில் உறுப்பினர் பாக்கி என்ற வரியையும் பாருங்கள்.

இந்த ஃபண்டை அன்றாடச் செலவுக்குத் தொடவே கூடாது. கட்டடத்தைத் திரும்பக் கட்ட, அதைப் பலப்படுத்தும் மாற்றங்கள் செய்ய, கட்டடக் கலைஞர் சான்று தந்த பெரிய ரிப்பேருக்கு என்று பைலா இதன் பயனை வரையறுக்கிறது. பொதுக்குழுவின் ஒப்புதலும் வேண்டும். பெயின்ட் அடிக்கவும் மோட்டார் மாற்றவும் ரிப்பேர் ஃபண்ட் இருக்கிறது. ஃபிளாட்டை விற்கும்போது நீங்கள் கட்டிய சிங்கிங் ஃபண்ட் உங்களுக்குத் திரும்பி வராது, அது கட்டடத்தோடு இருக்கும். பழைய ஃபிளாட் வாங்குபவர்கள், விற்பவரிடமிருந்து சொசைட்டியின் பாக்கி இல்லாச் சான்றையும் கடைசி லெட்ஜரையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

சென்னை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அசோசியேஷன்கள் பெரும்பாலும் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருபவை. 0.25, 21 என்ற இந்த எண்கள் மும்பைக்கானவை, உங்களைக் கட்டாது. உங்கள் அசோசியேஷனின் பைலாவில் எழுதியிருப்பதே உங்கள் விகிதம். பில்டர் ஒரு முறை வாங்கும் கார்பஸ் ஃபண்ட் வேறு, ஆண்டுதோறும் சேர்க்கும் சிங்கிங் ஃபண்ட் வேறு. ஆனால் விகிதம், கெடு தேதி, வட்டிக்கு வட்டி என்று மேலே சொன்ன மூன்று சோதனைகளும் எந்த ஊர் பில்லுக்கும் பொருந்தும்.

மும்பை சொசைட்டிகளின் ஆண்டுப் பொதுக்குழு செப்டம்பர் 30-க்குள் கூட வேண்டும். ஆண்டறிக்கை முன்கூட்டியே கைக்கு வரும். அதில் சிங்கிங் ஃபண்ட் என்று பொறுப்புப் பக்கத்தில் இருக்கும் தொகையைக் குறித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். அந்தத் தொகைக்கு ஈடான வைப்புச் சான்றிதழ்களைக் காட்டும்படி எழுந்து கேளுங்கள்.